வெந்த பயறு வாங்கிய மூச்சு

எங்கள் பழைய தாவரவியல் ஆய்வகத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. ஊறிய பச்சைப் பயறும் ஸ்பிரிட்டும் சுவரில் ஏறிய ஈரமும் கலந்த வாசனை. இப்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியில் டைல்ஸ் போட்ட ஏசி அறை. டப்பாவுக்குள் விதையைப் போட்டு, சென்சாரைச் செருகினால், எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று திரையில் கோடு ஓடுகிறது. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏப்ரல் மாதம் செய்முறைத் தேர்வு வந்துவிட்டால் மனசு பூந்தமல்லிப் பக்கம் அந்தப் பழைய கட்டடத்துக்கே போய்விடுகிறது.

கோவில்பதாகையிலிருந்து ஆவடி வந்து, பஸ் மாறி, நின்றுகொண்டே போய்ச் சேருவேன். ஒன்பது வருடம் அங்கே தற்காலிக ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கு நான் அக்கா. பேராசிரியர்களுக்கு, ஏதாவது காணாமல் போனால் மட்டும் ஞாபகம் வருகிற ஆள்.

விதை மூச்சு விடுவதை அளக்கும் சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் காரக் கரைசலில் நனைத்த பஞ்சு. அதன்மேல் கரைசல் படாமல் கொஞ்சம் உலர்ந்த பஞ்சு. அதற்கு மேலே முளைவிட்ட பயறு இருபத்தைந்து. வாயை ரப்பர் அடைப்பான் போட்டு மூடி, அதன் வழியாக அளவுக்கோடு போட்ட ஒரு மெல்லிய குழாயை நீட்டி, அதன் நுனியில் ஒரு சொட்டு சிவப்பு மை. முளைக்கிற விதை ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். அதைக் காரம் விழுங்கிவிடும். உள்ளே காற்று குறையக் குறைய மைச்சொட்டு உள்பக்கமாக நகரும். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு ஆக்சிஜன் போயிற்று என்று கணக்கு.

ஆனால் காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். விதை ஒன்றுமே செய்யாமல்கூட சொட்டு நகரலாம். அதற்காகத்தான் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு குழாய், கட்டுப்பாட்டுக் குழாய் என்பார்கள். அதில் வேக வைத்துக் கொன்ற விதை. இரண்டிலும் விதை அடைக்கும் இடம் ஒத்துப்போக, தண்ணீரில் அமுக்கிப் பார்த்து நாலைந்து கண்ணாடி மணியும் போடுவேன். இரண்டு குழாயும் ஒரே தண்ணீர்த் தொட்டியில், கூடவே ஒரு வெப்பமானி. செத்த விதையின் சொட்டு வெளியே போனால் சூடு ஏறியிருக்கிறது. அந்த அளவை உயிர் விதையின் கணக்கில் கூட்ட வேண்டும். உள்ளே வந்தால் கழிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இது தலைகீழ்ப் பாடம். எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

வகுப்பு முடிந்து மீந்த முளைப்பயறு எங்கள் சொத்து. குழாய்க்குள் போகாததை மட்டும் கழுவி, தேங்காய் துருவிப் போட்டு, தாளித்து, மறுநாள் டப்பாவில் கொண்டுபோவேன். பிள்ளைகள் மைக் கறை விரலோடு அள்ளித் தின்பார்கள். கழுவிவிட்டு வாங்கடி என்று கத்துவேன், ஒருத்தியும் கேட்க மாட்டாள். அந்தச் சத்தம் இப்போது எனக்கு எங்கேயும் கிடைப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் பாரிவாக்கத்துப் பெண் ஒருத்தி. எல்லாரும் கிளம்பின பிறகும் தொட்டியருகே குனிந்தபடி நிற்பாள். ஒரு அளவை மூன்று தடவை பார்ப்பாள். அவளால் எனக்கு நாலு மணி பஸ் தப்பாத வாரம் கிடையாது. "ஆமைகூட ஊடு போய்ச் சேர்ந்துடும்டி" என்று திட்டுவேன். சிரிப்பாளே தவிர நகர மாட்டாள். அந்த மந்தத்தினாலேயே முந்தின வருடம் இதே செய்முறையில் நேரம் போதாமல் தோற்றிருந்தாள். இந்த முறையும் தோற்றால் பட்டம் கைக்கு வராது. அவள் சேர நினைத்த பி.எட். படிப்பும் அந்த வருடம் கிடையாது. நேரத்துக்கு முடி, கண்ணு, அது போதும் என்று நானும் சொல்லியிருந்தேன்.

எனக்கும் அந்த ஏப்ரல் முக்கியமானது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு நிரந்தரம் செய்யும் பட்டியலில் துறைத் தலைவி என் பெயரை எழுதியிருந்தார். தேர்வு ஒழுங்காக நடந்தால் ஒப்புதலுக்குப் போகும். அதனால்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். எப்போதும் தேர்வன்று காலையில்தான் விதையை வேக வைப்பேன். அந்த முறை எதற்கும் இருக்கட்டும் என்று முதல்நாள் மதியமே வேக வைத்து, வடிகட்டி, மூடி வைத்துவிட்டேன். வெந்த விதையைப் பார்மலின் கலந்த தண்ணீரில் அலசி எடுப்பது வழக்கம். புட்டி காலி. ஸ்டோரில் கேட்டதற்கு நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாள் வேலை தலைக்கு மேல். செத்தது செத்ததுதானே, அதற்கு எதற்கு மருந்து என்று விட்டுவிட்டேன்.

தேர்வில் ஏழு பெண்களுக்கு சீட்டில் இந்தச் சோதனை விழுந்தது. பாரிவாக்கத்துப் பெண்ணும் அதில் ஒருத்தி. ஜன்னலோர மேசை அவளுக்கு. பத்து நிமிடம் குழாய்களைத் தண்ணீரில் அடங்க விட்டு, பிறகு இருபது நிமிடம் அளந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் அவளிடம் நின்றுவிட்டார்.

மற்ற ஆறு பேரும் செத்த விதையின் சொட்டு நகரவில்லை, பூஜ்யம் என்று எழுதியிருந்தார்கள். இவள் மட்டும் 0.1 மில்லி உள்ளே வந்ததாக எழுதியிருந்தாள். அவள் தொட்டியிலோ வெயில் விழுந்து சூடு ஒரு டிகிரி ஏறியிருந்தது. அதையும் எழுதியிருந்தாள். சூடு ஏறினால் சொட்டு வெளியேதானே போகணும், உனக்கு எப்படி உள்ளே வரும், பார்க்காமலேயே எழுதினாயா என்று அவர் கேட்டார்.

"பார்த்துதான் எழுதினேன் சார். சூடு இதைச் செய்யாது. உள்ள ஏதோ ஒண்ணு ஆக்சிஜனை எடுத்துக்குது."

செத்த விதையா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் அந்த அளவைக் கழிக்கவும் இல்லை. குழாயில் இருந்த காற்று இருபது மில்லி, ஒரு டிகிரிக்கு அது எவ்வளவு விரியும் என்று தனியாகக் கணக்குப் போட்டு, சுமார் 0.07 மில்லியை, உயிர் விதை காட்டிய 0.65-உடன் கூட்டி, 0.72 என்று முடித்திருந்தாள். கட்டுப்பாட்டுக் குழாயை நம்ப முடியாததால் இப்படிச் செய்தேன் என்று கீழே ஒரு வரி. தேர்வாளர் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். பேனாவை மூடவில்லை.

நான் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் சொன்ன அந்த ஏதோ ஒண்ணு எது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க ஈரமாய் வெக்கையில் மூடிக் கிடந்த வெந்த பயறு. வடித்த சோறு கெட்டுப்போகாத வீடு உண்டா? விதை செத்திருந்தது, அதன்மேல் பெருகிய கிருமிகள் உயிரோடு இருந்தன. அவைதான் மூச்சு வாங்கின. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் பட்டியலில் இருக்கும். அவளுக்கு இன்னொரு வருடம் போகும். பொய் சொல்ல மாட்டேன், என் கால் கொஞ்ச நேரம் நகரவில்லை. ஒன்பது வருடம் சும்மாவா?

பிறகு ஈரக் கையோடு போய் நின்றேன்.

"சார், அந்த வெதை நேத்தே வேக வெச்சது. மருந்துல அலசல. தப்பு என்னிது. அந்தப் பொண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு."

அவர் குழாயைத் திறந்து முகர்ந்தார். ஒரு விதையை எடுத்து விரலில் தேய்த்தார், கொழகொழவென்று நூல் விட்டது. அவள் தாளில் போட்ட வட்டத்தின் பக்கத்தில் சரி என்று எழுதினார். அவள் முகம் மலர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஏழு பேருக்கும் ஒரே பாத்திரத்து விதைதானே என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் மெதுவாக ஒவ்வொரு தொட்டியாகப் போய்க் குனிந்தார். ஆறு தொட்டியிலும் செத்த விதையின் சொட்டு, தொடங்கின கோட்டைவிட்டு நன்றாக உள்ளே வந்திருந்தது. ஆறு தாளிலும் பூஜ்யம். ஒருத்தி பெயரையும் கூப்பிடாமல், பூஜ்யத்தின் மேல் ஒவ்வொரு கோடு போட்டுக்கொண்டே போனார்.

யாரும் தோற்கவில்லை. ஆனால் அந்த ஆறு பேரில் எப்போதும் முதலில் வரும் பெண் அந்த மதிப்பெண்ணில்தான் முதல் இடத்தை விட்டாள். தேர்வாளர் குறிப்பேட்டில் கட்டுப்பாட்டு விதை கெட்டிருந்ததாக எழுதிவிட்டுப் போனார். துறைத் தலைவி என்னிடம் கோபப்படவில்லை, பட்டியலில் இருந்து பெயரை மட்டும் எடுத்துவிட்டார். அது எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே வேறு வேலைக்கு மாறினேன். பாரிவாக்கத்துப் பெண் பி.எட். முடித்து, இப்போது அதே பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர்.

தேர்வு நடந்த அன்று சாயங்காலம் அறையைப் பூட்டும்போது, பிறகு முதலிடத்தை இழந்த அந்தப் பெண் வாசலில் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஏன்டி, கண் எதிரே நகர்ந்திருக்கு, பூஜ்யம்னு எழுதினியே என்று நானே முந்திக்கொண்டு சத்தம் போட்டேன்.

"நாங்க அந்தக் குழாயைப் பார்க்கவே இல்லக்கா. மூணு வருஷமா நீங்க வேக வெச்சது ஒரு தடவைகூட நகர்ந்ததில்ல. நீங்க வெச்சா சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் வேலையை அதற்கு முன்பும் பின்பும் யாரும் அவ்வளவு நம்பியதில்லை. அது எனக்குத் தெரிய வந்தது, அந்த நம்பிக்கையால் ஆறு பிள்ளைகள் மதிப்பெண்ணை இழந்த அன்றைக்குத்தான்.