மஞ்சளைச் சுற்றிப் பச்சை

தாராவியில் ஓர் அக்கா நடத்திய சமையற்கூடத்தில் நான் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. செம்பூரில் ஒரு ஜிம்முக்குத் தினமும் காலையில் எண்பது அவித்த முட்டைகள் போகும். ஒருமுறை உள்ளே வேகாத முட்டைகள் போய்விட்டனவாம். அதிலிருந்து ஜிம் மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு முட்டையை இரண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப வேண்டும். அவர் சரி என்றால்தான் ஆட்டோ கிளம்பும்.

அன்று நான் போட்டோ அனுப்பிய கையோடு போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னக்கா, மஞ்சளைச் சுத்திப் பச்சையா நிக்குது? கெட்டுப்போனதையா அனுப்புறீங்க? இன்னைக்கு வேணாம். இப்படித்தான்னா நாளைக்கும் வேணாம்.”

“கெட்டுலாம் போகல தம்பி. ஒரு மணிநேரம் பொறுங்க, வேற அனுப்புதேன்.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஜிம் ஆர்டர் போச்சுன்னா ஒனக்கும் இங்க வேலை இல்லல.”

கூரையில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைக் காட்டினேன். “அந்த வெளிச்சத்துலதான் பச்சையா தெரியுதுக்கா.”

“அப்பம் வெள்ளைக்கருவும் நீலமால்லா தெரியணும்?”

வெட்டிய முட்டையோடு சந்துக்கு வந்தோம். வெயிலில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மஞ்சளின் விளிம்பில் மட்டும் சாம்பலும் பச்சையுமாக ஒரு வளையம். அக்கா முகர்ந்து பார்த்தாள். அழுகல் நாற்றம் இல்லை.

“எத்தன நிமிசம் கொதிச்சுது?”

“பன்னெண்டுதான். போன்ல மணி வச்சேன்.”

“பொறவு?”

“வடிச்சு அண்டாவுல கொட்டி மூடி வச்சேன்.”

“பச்சத்தண்ணி ஊத்தலையா?”

“குழாய்ல தண்ணி நின்னுட்டு. டிரம்ல இருக்கது பாத்திரம் கழுவணும்லாக்கா.”

“அடுப்ப அணைச்சா போதுமால? எண்பது முட்ட சூட்டோட ஒண்ணுமேல ஒண்ணு கெடந்தா வெந்துக்கிட்டேல்லா இருக்கும்.”

எனக்குத் தெரியாததில்லை. இதற்கு முன் கோபர்கைரனேயில் நான் வேலை செய்த ஓட்டலில் அவித்ததும் ஐஸ் தண்ணீரில்தான் போடுவார்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற புத்தி அன்று முந்திக்கொண்டது.

மறுபடி எண்பது முட்டைகளை அவித்தேன். அதே பன்னிரண்டு நிமிடம். இறக்கியதும் டிரம்மில் இருந்ததை முழுக்க ஊற்றினேன். அது வெதுவெதுப்பானதும் வடித்துவிட்டுக் குடிக்கிற கேனையும் கவிழ்த்தேன். மேலாக ஒன்றை எடுத்து வெட்டினேன். விளிம்பு வரை சுத்தமான மஞ்சள்.

“மேல கெடக்கது நல்லாத்தான் இருக்கும்” என்று அக்கா அண்டாவின் நடுவில் கைவிட்டு இன்னொன்றை எடுத்தாள். “இதயும் வெட்டு.”

அதிலும் வளையம் இல்லை. இரண்டையும் சந்து வெளிச்சத்தில் வைத்து ஒரே போட்டோவாக எடுத்து அனுப்பினாள். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அதன் பிறகுதான் “அனுப்புங்க” என்று வந்தது.

வளையம் விழுந்த முட்டைகளை அக்கா கீறி மசாலாவில் போட்டு மதியச் சாப்பாட்டோடு அனுப்பினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வர இருட்டிவிட்டது. அதுவரை கழுவாத அண்டாக்களுக்கு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போகவில்லை.