கலந்து வைத்த பிளாஸ்மா

தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருக்கிறேன். நோயாளிகளின் முகம் எனக்கு அதிகம் தெரியாது. குழாய்களில் ஒட்டியிருக்கும் எண்கள்தான் தெரியும். ஆனால் ஆலந்தலை என்ற கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் அம்மா முகம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மகளுக்கு முப்பது வயது இருக்கும். கணவனுக்குக் கப்பலில் வேலை. அப்போது எங்கோ நடுக்கடலில் இருந்தான். ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே அவள் உடம்பில் நீலத் திட்டுகள் கிளம்பின. பிறகு ஒரு தொடை வீங்கிக் கல்லாக இறுகிவிட்டது. தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது.

ரத்தத் தட்டணுக்கள் சரியாக இருந்தன. உறைதல் சோதனைகள் இரண்டில் பி.டி. சரியாக இருந்தது. ஏ.பி.டி.டி. மட்டும் சரியில்லை. முப்பது விநாடியை ஒட்டி உறைய வேண்டிய பிளாஸ்மா, எண்பதைத் தாண்டியும் தண்ணீராகவே நின்றது. மருந்து ஏற்றும் குழாயிலிருந்து எடுத்த ரத்தமோ, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் கலந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, மறு கையில் புதிதாகக் குத்தி எடுக்கச் சொன்னேன். அதிலும் அப்படியே.

அப்போதுதான் அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வக வாசலுக்கு வந்தார்.

"டாக்டரம்மா, எம் மவனும் இப்படித்தான் போனான். ஏழு வயசு. ஆடுன பல்லைப் பிடுங்குனோம். ரத்தம் நிக்கவே இல்ல. விடியமுன்ன எல்லாம் முடிஞ்சு போச்சு. எங்க வீட்டு ரத்தம்தான் இப்படின்னு எல்லாரும் சொன்னாவ. இப்ப இவளுக்கு." குழந்தையின் முதுகில் வைத்திருந்த கையை அவர் எடுக்கவில்லை. "அடுத்து இவனுக்கா?"

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இப்படி ஏ.பி.டி.டி. நீண்டால் அடுத்து நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளில் ஏதாவது ஒன்று குறைகிறதா? இல்லை, இருக்கும் காரணியை ஏதோ ஒன்று தடுக்கிறதா? அதைப் பிரித்தறிய, நோயாளியின் பிளாஸ்மாவையும் நலமாக இருப்பவர்களின் பிளாஸ்மாவையும் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி சோதிப்போம். குறைபாடு என்றால், நல்ல பிளாஸ்மாவில் இருக்கும் காரணி அதை ஈடுகட்டிவிடும், நேரம் சரியாகிவிடும். தடுப்பது ஒன்று இருந்தால், அது நல்ல பிளாஸ்மாவையும் கெடுத்துவிடும். நேரம் நீண்டபடியே இருக்கும்.

கலந்தேன். முப்பத்து நான்கு விநாடியில் உறைந்தது. சரியாகிவிட்டது.

அறுவை மருத்துவர் போனில் கேட்டார். "மிக்ஸ் கரெக்ட் ஆயிட்டுன்னா ஃபேக்டர் குறைச்சல்தானே மேடம்? தம்பிக்கு இருந்தது இவளுக்கும் இருக்கு. பிளாஸ்மா ஏத்திட்டு, சாயங்காலம் தொடையைக் கீறிக் கட்டுன ரத்தத்தை எடுத்துருவோம்."

எல்லாம் பொருந்தியது. அதுவே எனக்கு உறுத்தியது. பிறவிக் குறை முப்பது வருடம் எங்கே ஒளிந்திருந்தது? நான் சொல்லும்வரை பொறுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வார்டுக்குப் போனேன்.

அந்தப் பெண் வலியோடு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இதற்குமுன் எப்போதாவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல டாக்டர். காது குத்துனப்ப இல்ல. பிரசவத்துல தையல் போட்டாங்க, அப்பவும் ஒண்ணுமில்ல. கடவாப் பல்லுகூட பிடுங்கியிருக்கேன்." கண்ணைத் திறந்தாள். "அம்மா தம்பியப் பத்திச் சொன்னாவளா? எனக்குப் பல்லு பிடுங்குன அன்னைக்கு ராத்திரி பூரா தூங்காம என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தாவ. அவன் எங்க வீட்டவிட்டுப் போகவே இல்ல டாக்டர்."

திரும்பி வந்ததும் கலவையை முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். சில தடுப்பான்கள் கலந்த உடனே வேலையைக் காட்டாது. உடம்புச் சூட்டில் நேரம் கொடுத்தால்தான் காரணியை மெல்ல முடக்கும். எட்டாவது காரணிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள் அப்படிப்பட்டது. அந்தக் காரணி வெறும் சூட்டிலேயே கொஞ்சம் சிதையக்கூடியது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பிளாஸ்மாக்களையும் தனித்தனியாகவும் அதே தொட்டியில் வைத்தேன். அவற்றைக் கடைசியில்தான் கலக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரமும் வேறு வேலை ஓடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த அம்மா பெஞ்சில் அமர்ந்து, தூங்கும் குழந்தையின் உதட்டை விரலால் மெல்ல விலக்கி, பல்லே முளைக்காத ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தே இராத அந்தச் சிறுவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

நேரம் ஆனதும் எடுத்துச் சோதித்தேன். தனித்தனியாக வைத்துக் கடைசியில் கலந்தது முப்பத்தேழு விநாடியில் உறைந்தது. சேர்ந்தே இருந்த கலவை அறுபதைத் தாண்டியது. நம்பாமல் மறுபடி போட்டேன். அதேதான்.

உடனே அறுவை மருத்துவரைக் கூப்பிட்டேன். "கத்தி வைக்காதீங்க சார். இது பிறவிக் குறை மாதிரி இல்ல. தடுப்பான் இருக்கு. பிளாஸ்மா ஏத்தினா அதையும் முடக்கிரும். கீறினா நிறுத்த முடியாது."

"தியேட்டரைக் கேன்சல் பண்ணச் சொல்லுதேன்," என்றார்.

வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியும் அதையே உறுதி செய்தது. எட்டாவது காரணி மிகக் குறைவு, அதற்கு எதிரான தடுப்பான் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அரிதாகச் சில பெண்களுக்கு இப்படி வருவதுண்டு. தடையைச் சுற்றிக்கொண்டு போய் ரத்தத்தை உறையவைக்கும் மருந்தை மதுரையிலிருந்து வரவழைத்தார்கள். எதிர்ப்பொருளை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வீக்கம் வாரக்கணக்கில் மெல்ல வடிந்தது. குழந்தைக்கும் சோதித்தோம். ஏ.பி.டி.டி. அந்த வயதுக்குரிய அளவில் இருந்தது. ஆண் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறையக்கூடிய எட்டாவது, ஒன்பதாவது காரணிகள் இரண்டும் சரியாக இருந்தன.

அதைச் சொல்ல அந்த அம்மாவை உள்ளே அழைத்தேன். மகளுக்கு வந்தது பரம்பரையாக வந்ததல்ல, உங்கள் வழியாக வரவில்லை, பேரனுக்கு ஒன்றும் இல்லை என்றேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ எம் மவன் எதனால போனான்? நாங்க பல்லைப் பிடுங்குனதாலயா?"

அவனுக்குப் பிறவிக் குறை இருந்திருக்கலாம், அது அக்காவுக்கு வராமலும் போயிருக்கலாம்; அல்லது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றேன். "அவன் ரத்தத்தைப் பாத்திருந்தாத்தான் சொல்ல முடியும்மா."

"அவன் ரத்தம் தலையணை பூராவும் இருந்துச்சே," என்றார். "நான்தான கடல்ல கொண்டுபோய் அலசுனேன்."

அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

மகள் பல மாதம் பரிசோதனைக்கு வந்து போனாள். ஒவ்வொரு முறையும் ஏ.பி.டி.டி. இறங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் சரியான அளவுக்கு வந்தது. கப்பலிலிருந்து வந்திருந்த கணவன் குழந்தையோடு வெளியே நின்றான். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன்.

சட்டைக்கையை இறக்கிவிட்டபடி சற்று யோசித்தாள்.

"நல்லாத்தான் இருக்காவ டாக்டர். ஆனா தம்பியப் பத்திப் பேசுறதே இல்ல. முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் அவன் பேரைச் சொல்லுவாவ. இப்ப நானா கேட்டாலும் கடலப் பாத்துத் திரும்பிக்கிடுதாவ. எனக்கு அதுதான் பயமா இருக்கு."