குதிச் சத்தம்

ஒஸ்லோவில் நான் செய்யும் வேலையைச் சொன்னால் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை. மயானத்துச் சிற்றாலயத்தில் வந்தவர்களை இருத்துவது, மலர்வளையங்களை ஒழுங்காக வைப்பது, பிறகு கறுப்புக் கோட்டும் கறுப்புக் கால்சட்டையுமாகச் சவப்பெட்டிக்கு முன்னால் குழிவரை நடப்பது. "பெட்டிக்கு முன்னாலை நடக்கிறதும் ஒரு வேலையோ?" என்று கலியாண வீடொன்றில் ஒருவர் கேட்டார். கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

நடப்பதுதான் வேலை. சில நாட்களில் ஒரு மயானத்திலிருந்து இன்னொன்றுக்கு. கல்தரை, தார்ப்பாதை, ஈரப்புல், கடைசியில் சேறு. கால்சட்டையில் மடிப்புக் குலையாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இவ்வளவையும் கடக்க வேண்டும்.

முதலில் நான் வாங்கிய சப்பாத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் உயரக் குதி, தோல் அடி. கடைக் கம்பளத்தில் நடந்து பார்த்தபோது எடுப்பாகத்தான் இருந்தது. கடைக்காரர்கள் எங்காவது ஒரு சேற்று மூலையும் வைத்திருந்தால் எத்தனை பெண்கள் தப்பியிருப்பார்கள். முதல் மழையிலேயே ஒடுங்கிய குதி புல்லுக்குள் இறங்கிக்கொண்டது. நான் ஒரு அடி முன்னே போனேன், சப்பாத்து வரவில்லை. பிறகு உறைபனி விழுந்த ஒரு காலையில் தோல் அடி வழுக்கியது. பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் சவப்பெட்டியின் மூலையைப் பிடித்தேன். அன்றைய குடும்பத்தின் முகங்களை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்தக் கோபத்தில் தட்டையான சப்பாத்துக்கு மாறினேன். குதியே இல்லாததும் சுகமில்லை. நாள் முழுக்க நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஆழமான பள்ளங்கள் வெட்டிய பனிக்கால அடியை முயன்றேன். பாதையில் தூவியிருந்த பொடிக்கல் பள்ளங்களுக்குள் ஏறிக்கொண்டு சிற்றாலயத்துக் கல்தரையில் நறுநறுத்தது. பாதிரியார் செபத்தை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்தில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு உள்ளே போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியில் சரிவந்தது மூன்று சென்ரிமீற்றர்க் குதி. புல்லில் இறங்காதபடி அகலமானது. அடி முழுவதும் மிருதுவான றப்பர், ஏனென்றால் கடினமானது குளிரில் இன்னும் இறுகி வழுக்கும். பள்ளங்கள் ஆழமில்லாதவை. குதி இறங்கியதால் கால்சட்டையின் ஓரம் நிலத்தில் இழுபட்டது, அதையும் வெட்டித் தைத்தேன். அதற்குப் பிறகு நான் எங்கே வந்தாலும் ஒரு சத்தமும் கிடையாது. துக்க வீட்டாருக்கு நான் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் நவம்பரில் ஒரு நாள், அலுவலக அறைக்குள் சத்தமில்லாமல் போய் நின்றேன். ஹவுகெட்டோப் பகுதியிலிருந்து ஒரு தமிழ்த் தாயும் மகளும் வந்திருந்தார்கள். தாயின் ஒரே மகன் இறந்துவிட்டான், நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் வணக்கம் சொன்னதும் அந்த அம்மா திடுக்கிட்டார்.

"ஆர் பிள்ளை? நீர் வந்தது எனக்குக் கேக்கேல்லையே."

அப்போதுதான் அவருடைய கண்களைக் கவனித்தேன். வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆட்களைத் தெரியாது என்று மகள் சொன்னாள். மயானத்தில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாள்.

"எனக்கு வேண்டாம்," என்றார் தாய். "என்ரை பிள்ளைக்குப் பின்னாலை நான் நடந்துதான் போவன். ஒருத்தரும் என்னை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை."

"அம்மா, எப்பிடி நடப்பீங்கள்? சேமக்காலைக்குள்ளை குழிவரைக்கும் எவ்வளவு தூரம் தெரியுமே!"

"முன்னாலை போறவையின்ரை காலடி கேட்டால் நான் நடப்பன். வீட்டிலையும் அப்பிடித்தானே நடக்கிறன்."

மகள் அழத் தொடங்கினாள். நான் என் கால்களைப் பார்த்தேன். தேடித் தேடி வாங்கிய சப்பாத்து. அதன்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

வீட்டுக்குப் போய்ப் பழைய ஐந்து சென்ரிமீற்றரைக் கிளறி எடுத்தேன். அடுத்த நாள் லில்லெஸ்ட்ரோமில் சப்பாத்துத் தைக்கும் கடைக்குக் கொண்டுபோய், முன்னடிக்கு மட்டும் மெல்லிய றப்பர் ஒட்டி, தேய்ந்த குதி நுனிக்குக் கடினமான புது நுனி போடச் சொன்னேன். கடைக்காரர் றப்பர் நுனியைக் காட்டி, இதுதான் வழுக்காது, சத்தமும் போடாது என்றார். எனக்குச் சத்தம்தான் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மகளுக்குத் தொலைபேசியில் ஒன்றைச் சொல்லிவைத்தேன். எங்கள் பெண்கள் எல்லோரும் விடுகிற பிழை அது. வீட்டுக்குள் சப்பாத்துப் போடாத நாங்கள் வெறுங்காலோடு நின்று, குதியை மனதில் கணக்குப் பண்ணிச் சேலையைத் தழையக் கட்டுவோம். வாசலில் பனியைக் கண்டதும் தட்டைச் சப்பாத்துக்குள் காலை நுழைப்போம். பிறகு கரை முழுவதும் சேற்றில் இழுபடும், அதை மிதித்து விழுவோம். "அம்மாவுக்கு முதலிலை சப்பாத்தைப் போட்டுவிடுங்கோ. கணுக்காலைப் பிடிக்கிற, றப்பர் அடிச் சப்பாத்து. நிலத்திலை பேப்பரை விரிச்சு, அதிலை நிக்க வைச்சுச் சேலையைக் கட்டுங்கோ," என்றேன்.

அடக்கத்தன்று விடிய உறைபனி. தார்ப்பாதையில் பொடிக்கல் இன்னும் தூவியிருக்கவில்லை. குதியை முதலில் வைத்தால்தான் சத்தம் வரும், குதியை முதலில் வைத்தால்தான் வழுக்கும். நான் விழுந்தால் பின்னால் வரும் பெட்டியும் நிற்கும், அதற்குப் பின்னால் வரும் தாயும் தடுமாறுவார்.

நடந்தேன். டொக், டொக் என்று சிற்றாலயத்துக் கல்தரையில் கேட்டபோது சக ஊழியர் என்னை முறைத்தார். முறைக்கட்டும். வெளியே, காலடியைச் சின்னதாக எடுத்து, குதியை நேராக ஊன்றி, பாரத்தை உடனே முன்னடிக்கு மாற்றினேன். குட்டையாக வெட்டிய கால்சட்டைக்குக் கீழே கணுக்கால் குளிரில் விறைத்தது. பின்னால் நான்கு உறவினர் பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டி வந்தார்கள். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில் அந்த அம்மா தனியாக நடந்து வந்தார். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின, தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மகள் ஒரு அடி பின்னால் வந்தாள், தொடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் சமநிலை போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தார்ப்பாதை முடிந்து புல் தொடங்கியது. உறைந்த மேற்பரப்பை உடைத்துக்கொண்டு என் குதி சேற்றுக்குள் இறங்கியது. பெட்டியைக் கையால் தூக்குவதற்காக வண்டியை நிறுத்தினார்கள்.

"பிள்ளை," என்று அந்த அம்மா கூப்பிட்டார். "ஏன் நிண்டிட்டீர்? எனக்குக் கேக்கேல்லை."

முறைப்படி நான் முன்னால் நிற்க வேண்டும். காலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"இனிப் புல்லு, அம்மா. புல்லிலை சத்தம் வராது."

அவர் சப்பாத்து நுனியால் புல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு மகளின் பக்கம் கையை நீட்டினார்.

"கிட்ட வந்திட்டம், என்ன?" என்றார்.

"ஓம், அம்மா," என்றேன்.