காலண்டர் அக்கா தேடிய பதினெட்டுப் பதிவுகள்

மருத்துவமனையின் முகநூல் பக்கத்தில் எந்தப் பதிவு எந்த நாளில் வரவேண்டும் என்று முன்கூட்டியே அடுக்கி வைப்பவள் என்பதால், அவளை எல்லோரும் காலண்டர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் தேர்வுத் தேதியைக்கூட வீட்டுக்காரர் அவளிடம்தான் கேட்பார். தேதியில் தப்பே வராது என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இலவசக் கண் பரிசோதனைக்கு ஒரு பிரச்சாரம், காதுப் பரிசோதனைக்கு ஒன்று. எட்டு வாரத்துக்குத் தலா இருபத்துநான்கு பதிவுகள். ஒரு பிரச்சாரத்தில் சேர்த்த பதிவுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே தொடக்க நாள், ஒரே கடைசி நாள். முடிந்ததும் கணினி மொத்தக் கணக்கை எடுத்துக் கொடுக்கும்.

கண், தொண்ணூற்றாறாயிரம் பார்வை. காது, இருபத்தேழாயிரம். இந்தக் கணக்கை வைத்துப் பதினோரு மணிக் கூட்டத்தில் புதன்கிழமை இலவசக் காதுப் பரிசோதனையை இழுத்து மூடுவதாக இருந்தார்கள்.

அறிக்கையை அச்செடுக்கப் போனவளுக்கு ஏதோ உறுத்தியது. மொத்தத்தின் பக்கத்தில் பதிவுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தாள். கண்ணுக்கு இருபத்துநான்கு. காதுக்கு வெறும் ஆறு!

காதுப் பிரச்சாரத்தின் தேதிகளைத் திறந்து பார்த்தாள். அதே நாளில் தொடங்கி இரண்டே வாரம் ஓடவிருந்த பல் பிரச்சாரத்தை நகலெடுத்துத்தான் காதுக்கு உருவாக்கியிருந்தாள். பெயரை மாற்றினாள், படத்தை மாற்றினாள், கடைசி நாளை மாற்றவில்லை. அந்த நாளைத் தாண்டிய பதினெட்டுப் பதிவுகளையும் கணினி வெளியிடாமல், அவள் ஒருநாளும் திறக்காத பட்டியலில் போட்டு வைத்திருந்தது. பதிவுக்குக் கணக்குப் பார்த்தால் காதுதான் முன்னால் நின்றது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மொத்தம் பொய் சொல்லவில்லையே! நல்லவர்களுக்கும் இப்படிச் சாக்குக் கிடைக்கத்தான் செய்கிறது.

கூட்டத்தில் இயக்குநர் அம்மா தாளைப் புரட்டும்போது அவள் எழுந்துவிட்டாள்.

"மேடம், காதுக்கு வந்த கணக்கு சரிதான். ஆனா அது ரெண்டு வாரக் கணக்கு. கடைசித் தேதிய நான் தப்பாப் போட்டுட்டேன். மிச்சப் பதிவெல்லாம் வெளியவே போகல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு வாரமா யாரும் பாக்கலையா?"

"நான்தான் பாத்திருக்கணும், மேடம்."

"சரி, இன்னொரு எட்டு வாரம் ஓடட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம். இந்தத் தடவை தேதிய ரெண்டு பேரு பாருங்க."

பிழைத்தோம் என்றுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கூட்டத்தில் இருந்த, காது பரிசோதிக்கும் தம்பி வெளியே நடையில் அவளுக்காக நின்றிருந்தான். திட்டுவான் என்று தயாரானாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"முதல் ரெண்டு புதன் கூட்டம் வந்துச்சுக்கா. அப்புறம் ஆறு புதன் ஒரு ஆள்கூட வரல. வந்தவங்ககிட்ட நான்தான் ஏதோ சரியாப் பேசல, அத வெளிய போய்ச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். வீட்ல கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பேசிப் பாத்தேன்."

மன்னிச்சுக்கோப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.