கெடாத காது

குறும்படங்களுக்கு ஒலி கலக்கும் அந்தப் பெண்மணியை எல்லோரும் ‘காதக்கா’ என்றே கூப்பிடுவார்கள். வசனம், இசை, மழை, கதவுச் சத்தம் ஆகிய நான்கையும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடிவைப்பது அவர் தொழில். அறையில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு உண்டு. ஆனால் வேலை முடிந்ததும் அவற்றை அணைத்துவிட்டுக் கைபேசியில் படத்தைப் போட்டு, கதையே தெரியாத ஒருவரைக் கேட்கவைப்பார். நூறு தடவை கேட்ட காது, வராத சொல்லையும் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஒரு படத்துக்கு ஒரு காது ஒரே முறைதான். அதற்குப்பின் அது கெட்ட காது.

அன்று மாலைக்குள் இளம் இயக்குநர் ஒருவர் தன் முதல் படத்தைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். கொட்டும் மழையில் மகள் அப்பாவிடம், “இனி வரமாட்டேன்பா” என்று முணுமுணுப்பதுதான் கடைசிக் காட்சி. அது கேட்காவிட்டால் படமே இல்லை. கதை தெரியாத கீழ்வீட்டுத் தையல்காரர் கைபேசியில் பார்த்தார்.

“மழை நல்லா பெய்யுதுங்க. அந்தப் பொண்ணு வாயசைக்குது.”

இயக்குநர் முகம் வெளுத்தது. “வசனத்த ஏத்திடுங்கக்கா.”

“ஏத்தினா முணுமுணுப்பு மைக் பிடிச்சுப் பேசுற மாதிரி ஆயிடும் தம்பி. தப்பு என்னோடது. பெரிய ஸ்பீக்கர்ல கேட்டு ஏமாந்துட்டேன்.”

இசையமைத்தவர் இயக்குநரின் மச்சான். சமாதானத்துக்கு வராத ரகம். “என் வயலின்ல மட்டும் கை வைக்காதீங்க.”

“வைக்கல” என்றபடியே அக்கா வைத்தார். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் கனத்த அடி ஒலி கேட்காது. மிஞ்சும் மெல்லிய மேல் ஒலியில்தான் வயலினும், மழையின் இரைச்சலும், மகள் சொல்லும் ட, ப போன்ற எழுத்துகளும் இடித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் மட்டும் வயலினைச் சற்றுக் குடைந்து குறைத்தார். மகள் பேசும்போது மழை ஒதுங்கி, வாய் மூடியதும் திரும்பி வந்தது. நடுவில் விழுந்த இடியைச் சொல்லுக்குப்பின் தள்ளினார்.

மறுபடி கெடாத காது வேண்டுமே. அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லாக் காதும் அதற்குள் கெட்டிருந்தது. மச்சானின் மனைவி, அதாவது இயக்குநரின் அக்கா, மட்டும் “தம்பி படமா, பொறுமையா பாக்குறேன்” என்று மாதக்கணக்கில் தப்பித்திருந்தாள். வீட்டுக்கே போனார்கள். அவள் அடுப்படியில் கைபேசியைச் சாய்த்துவைத்து, பாத்திரம் தேய்த்தபடி பார்த்தாள்.

கடைசிக் காட்சியில் குழாயை மூடினாள்.

“ஏன்டா, அந்தப் பொண்ணு நிஜமாவே வரமாட்டாளா? அப்பன் பாவம்டா.”

இயக்குநர் அடுப்படி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சான் மட்டும் தொண்டையைச் செருமினார்.

“பாத்தீங்களா, வயலின் இப்பதான் எடுப்பா இருக்கு. கூட்டினீங்களா?”

“ஆமா” என்றார் காதக்கா, படத்தை அனுப்பியபடி.