மாஸ்டரின் இடது கால்

அம்மாவைத் தையல் ஆலையில் ‘கத்திரி’ என்பார்கள். பரிசோதனை மேசையில் நின்று கோணல் தையலைப் பிரித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கையில் இருந்ததும் கத்திரி, வாயில் இருந்ததும் அதுதான். அங்கே யாருக்கும் அவளைப் பிடித்ததாகத் தெரியவில்லை. “பிடிக்கிறதுக்கா என்னை நிக்க வெச்சிருக்காங்க?” என்பாள்.

இந்த வருடம் அவள் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் பொறுமைசாலி என்றார்கள், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள் என்றார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று தோன்றியது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் அவள் யார் என்று தெரியும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ். போகும்போது மனுஷராகப் போவார், வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவார். ஒருநாள் திரும்பும் வழியில் டாக்சியில் வாந்தி எடுத்துவிட்டார். ஓட்டுநர் பாலத்துக்கு நடுவிலேயே வண்டியை நிறுத்தி இறங்கச் சொன்னான். அம்மா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலத்தின் ஓரமாக நின்றிருக்கிறாள். நான் லிஃப்ட் பராமரிப்பு என்ஜினியர். அந்த நேரம் வேறொரு கட்டடத்தில், மாடிகளுக்கு நடுவே சிக்கிய லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோனை எடுக்கவில்லை.

மறுநாளே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அப்பாவின் பழைய கார் உறை போட்டபடி நின்றிருந்தது. கண் மங்கியதிலிருந்து அவர் அதைத் தொடவில்லை.

“தையல் மெஷின் பெடல்னு நெனச்சியா?” என்றார் அப்பா.

“அது சொன்ன பேச்சு கேக்கும். உங்கள மாதிரியா?”

பாதி வகுப்புகள் முடிந்திருந்தபோது, அப்பாவின் கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை, ஒரு வாரம் இருக்கவேண்டும் என்றார்கள். அம்மா நடைவழியில் நின்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை ஃபோனில் கூப்பிட்டாள். ஸ்கூலின் முதலாளியும் அவரே, பயிற்சியாளரும் அவரே. ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

“மாஸ்டர், நான்தான். காலை முதல் வகுப்பு.”

“தெரியுது. உங்க வீட்டு வாசல்ல வண்டியோட நிக்கறேன். எங்க இருக்கீங்க?”

“ஆஸ்பத்திரில. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். ஒரு வாரம் வர முடியாது. திரும்ப எப்படிச் சேரணும்னு சொல்லுங்க.”

“வண்டி எடுத்துட்டு வந்தப்புறம் சொல்றீங்களே! முந்தின நாளே சொன்னாத்தான் வகுப்பைத் தள்ளி வெக்க முடியும். இன்னிக்கி வகுப்பு போனது போனதுதான்.”

“போகட்டும். அடைக்கப் போறேன்னு அது நேத்தே எங்கிட்ட சொல்லல. மத்த நாளு?”

“அத கடைசில சேத்துக்கலாம். ஆனா இந்தக் காலை நேரம் கிடைக்காது. ஒரு வாரம்னா வேற ஆளப் போட்ருவேன். டெஸ்டுக்கு முன்னாடி எங்கயாவது இடம் இருந்தா பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

“பாக்கலாம்னா பாக்கலாம்.” இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டெஸ்ட் அதற்கடுத்த வாரம். ஸ்கூல் காரில்தான் போகவேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் அவளுடைய பழகுநர் உரிமம் காலாவதியாகிவிடும். எல்லாம் முதலிலிருந்து. அதுவரைக்கும் அப்பா டாக்சியில், பாலத்தின் மேல்.

“நீதான் படிச்சவ, ஒழுங்கா எழுதி அனுப்பு” என்றாள். எழுதினேன். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை வர முடியாது, எதனால், மீதி வகுப்புகள் எந்த நேரத்தில், டெஸ்ட் தேதி மாறாமல் இருக்கிறதா. மாஸ்டரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

அம்மா அதை உற்றுப் பார்த்தாள். “நான் பதில் கேட்டா இந்த ஆளு கைநாட்டு வெக்கறான்.”

அப்பா வீடு திரும்பிய அன்று மாலையே ஸ்கூலுக்குப் போனோம். ஒரே அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், மேசையில் ரிவர்ஸ் எடுப்பதை விளக்க இரண்டு பொம்மைக் கார்கள். மாஸ்டர் ஒரு காரை மற்றொன்றின் மேல் ஏற்றி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா? அடுத்த மாசம் புது பேட்ச் ஆரம்பிக்குது. அதுல சேந்துக்கங்க.”

“எனக்கு டெஸ்ட் அடுத்த வாரம்.”

“ஒரு வாரம் விட்டா கையும் காலும் மறந்துரும்மா. உங்க வயசுக்கு ரெண்டு நாள் விட்டாலே போதும்.”

“என் வயசு மறக்காத வயசு. நீங்க கைநாட்டு வெச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு. எந்த நேரம் காலி?”

“மத்தியானம். வெயில்ல எவனும் வரமாட்டான்.”

“நான் வரேன்.”

“முதல்ல ஓட்டிக் காட்டுங்க. ஓட்டுனா டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா என் வண்டியோட பேரைக் கெடுக்கவேணாம்.”

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அம்மா சாவியைத் திருப்பினாள், முதல் கியர் போட்டாள். வண்டி குதித்து அணைந்தது. மறுபடியும் குதித்து அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹார்னை அழுத்தியபடி நின்றது.

“பாத்தீங்களா? நான் சொன்னா கசக்குது” என்றார் மாஸ்டர். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்தார்.

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே கேட்பதைப்போலக் கேட்டாள்: “முன்னயெல்லாம் என் காலு போறதுக்குள்ள கிளட்ச் தானா இறங்குமே. இன்னிக்கி ஏன் இறங்கல?”

“தானா இறங்குமா?” என்றேன்.

“ஆமா. இந்த வண்டி அப்படித்தான்னு நெனச்சேன். கொஞ்சம் காலை வெச்சாப் போதும், அதுவே இறங்கும், அதுவே ஏறும்.”

பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். இரண்டு பக்கத்தையும் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். அவர் மிதித்தால் கற்றுக்கொள்பவரின் பெடலும் சேர்ந்து இறங்கும். நான் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தார். அவர் பக்கத்துப் பிரேக்கின் ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. கிளட்சின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது.

“மாஸ்டர், உங்க கிளட்ச் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?”

“பின்னாடி உக்காந்தா பேசாம வரணும்.”

“இத்தனை நாளும் நீங்கதான மிதிச்சீங்க? இன்னிக்கி வேணும்னே காலை எடுத்துட்டீங்க.”

“வரவங்க எல்லாரும் கிளட்ச எரிச்சா வண்டி என்னத்துக்கு ஆகும்? புதுசுல நான் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கறதுதான். எல்லா ஸ்கூல்லயும் உள்ளதுதான்.”

அம்மா அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். லாரிக்காரன் சுற்றிக்கொண்டு போகும்போது ஏதோ திட்டினான். அவள் காதில் வாங்கவில்லை.

“அப்ப வண்டிய ஓட்டுனது நீங்க. நான் ஸ்டீரிங்கப் பிடிச்சிக்கிட்டு சும்மா கூட வந்திருக்கேன்.”

“டெஸ்ட்லயும் நான் பக்கத்துலதாம்மா உக்காருவேன். ஆபீசர் பின்சீட்ல இருப்பார். நான் பாத்துக்கறேன், விடுங்க.”

“டெஸ்ட்ல இருப்பீங்க. எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப என் மடியிலயா உக்காருவீங்க?”

மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்.

“நான் ஒரு வாரம் வராததால எதையும் மறக்கல. நீங்க சொல்லிக் குடுக்காதத எப்படி மறக்கறது? கோணல் தையல் மேல இன்னொரு தையல் போட்டா நிக்காது மாஸ்டர். பிரிக்கணும். கால மடக்குங்க.”

“என்னது?”

“கால மடக்கி சீட்டு மேல வெச்சு உக்காருங்க. மீதி வகுப்பு பூரா அப்படித்தான்.”

“பிரேக் மேல கால் இல்லாம நான் ரோட்டுல உக்கார மாட்டேன். நாலு பேரக் கொன்னுட்டு யார் பதில் சொல்றது?”

அது நியாயம். அம்மாவும் யோசித்தாள்.

“பிரேக்க நீங்களே வெச்சுக்கங்க. இடது காலை மட்டும் மடக்குங்க.”

“முடியாதுன்னா?”

“முடியாதுன்னா உங்க வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காருவேன். புதுசா சேர வர்றவங்க எல்லாருக்கும் இந்தக் கிளட்சக் காட்டுவேன். ரிட்டயர் ஆயிட்டேன், எனக்கு வேற வேலையில்ல.”

மாஸ்டர் ஷூவைக் கழற்றினார். இடது காலைத் தூக்கி மடக்கித் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. பாதிச் சாமியார்போல இருந்தார். சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

“அதையும் தெச்சுப் போட்டுக்கங்க” என்றாள் அம்மா.

அந்த மத்தியானங்கள் முழுதும் சண்டை. அவள் வண்டியை அணையவிடுவாள், அவர் கத்துவார், அவள் திருப்பிக் கத்துவாள். காலி மைதானத்தில் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று மட்டும் மறுபடி மறுபடி பார்த்தாள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் நூலிழையாக விட்டு வண்டியை நகர்த்துவது. வீட்டுக்கு வந்து காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். “அந்த ஆளுக்கு மரத்துப்போன காலு, எனக்கு வீங்கிப்போன காலு” என்பாள். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, புகழவும் இல்லை. “இன்னிக்கி கிளட்சக் கம்மியாத்தான் கொன்னீங்க” என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை.

டெஸ்ட் அன்று மாஸ்டர் பழக்கதோஷத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அம்மா சாவியைத் தொடவில்லை.

“மாஸ்டர். காலு.”

“என்ன காலு?” என்று பின்சீட்டிலிருந்து ஆபீசர் கேட்டாராம்.

“அவருக்கு முட்டி வலி சார். மடக்கி உக்காந்தாத்தான் சரியா இருக்கும்.”

மாஸ்டர் மடக்கினார். ஏற்றத்தில் ஒருமுறை வண்டி பின்னால் வழுக்கப் பார்த்தது, கைபிரேக்கைப் போட்டுச் சமாளித்தாள். தேறினாள். இறங்கும்போது மாஸ்டர் சொன்னது: “இனிமே இந்தப் பக்கம் வராதீங்கம்மா.”

“வந்தா நடந்து வரமாட்டேன், பயப்படாதீங்க.”

அதற்குப் பிறகு அப்பாவை அவளே கூட்டிப் போனாள், வந்தாள். முன்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு துண்டு. அப்பா பழைய டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத கிளட்சைத் தரையில் மிதிப்பார். அது அவளுக்கு ஆகாது.

“அங்க என்ன மிதிக்கிறீங்க? காலை மடக்குங்க!”

அவரும் முணுமுணுத்துக்கொண்டே இடது காலை மடக்கிச் சீட்டின் மேல் வைப்பார். அவள் வண்டி ஓட்டிய வருடங்களில் ஒரு டயாலிசிஸும் தவறவில்லை. முதலில் போகவேண்டியவர் அவர் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள்தான் போனாள், ஒரு பகல் தூக்கத்தில், சொல்லாமல்.

இப்போது மறுபடியும் டாக்சி. போன வாரம் நானும் கூடப் போனேன். அப்பா முன்சீட்டில் ஏறினார், பெல்ட்டைப் போட்டார், செருப்பைக் கழற்றி இடது காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்தார்.

டிரைவர் முறைத்தான். “பெரியவரே, சீட்டு அழுக்காகுது. காலைக் கீழ போடுங்க.”

“போடக்கூடாது” என்றார் அப்பா.

“ஏன்?”

“திட்டுவா.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி பாலத்தில் ஏறியது.