எட்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்தது

மின்சார அலுவலகத்தின் புகார் அறையில் இரவுப் பணி பார்த்த அந்த எழுத்தரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அரைமணி' என்றுதான் சொல்வார்கள். கரண்ட் எப்போது வரும் என்று பத்தொன்பது வருடமாகத் தொலைபேசியில் கேட்ட அத்தனை பேருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அரை மணி நேரத்துல வந்துடும்." கம்பி அறுந்தாலும் அரை மணி, டிரான்ஸ்பார்மர் எரிந்தாலும் அரை மணி. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி என்றோ ஓய்வு பெற்றுவிட்டார். அரை மணிக்கு மட்டும் ஓய்வு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரவு முழுக்க விழித்திருந்துவிட்டுக் காலையில் வந்து தூங்குவது அவர் வழக்கம். தூக்கத்தில் அவர் மூச்சு நின்று நின்று வருவதை முதலில் கவனித்தது மனைவி. பள்ளி ஆசிரியை. ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், குறட்டை சட்டென்று நின்றதும் பேனாவை வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டில் பெரிய உறுமலோடு மூச்சு திரும்பியது. அடுத்த வாரமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று சோதனையில் தெரிந்தது. சீபாப் மெஷின் வாங்கினார்கள். முகமூடி வழியாக அழுத்தமாகக் காற்றை ஊதி, தொண்டை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. அதை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்த பிறகு மனிதர் ஆளே மாறிப்போனார். ரிசீவரைக் காதில் வைத்தபடியே கண்ணயர்வது நின்றது. "அரை மணி" என்பதைக்கூடத் தெளிவாகச் சொன்னார்.

இரண்டு வருடம் இப்படி நிம்மதியாகப் போனது. பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. பழைய கம்பிகளை மாற்றுவதற்காக இரண்டு மாதத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை. அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர் அவரேதான். பட்டியலில் தன் தெருவும் இருப்பது மூன்றாவது நகல் எடுக்கும்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

வாடகை வீடு. பெரிய இன்வெர்ட்டர் வைக்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை; தரை கெட்டுவிடுமாம். அதனால் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் டிபன் டப்பா அளவில் ஒரு பேட்டரியை எடுத்துப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"எட்டு மணி நேரம் சார். நிம்மதியா தூங்குங்க."

"நிச்சயமா?"

"பெட்டியிலயே போட்டிருக்கு சார்."

மின்சார அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் இதற்கு மேல் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் மின்சாரத்தோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் தொலைபேசியில் மட்டும்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் செவ்வாய்க்கிழமை. சொன்னபடி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. போவதில் அந்த அலுவலகம் ஒருநாளும் தாமதித்ததில்லை. மனைவி பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். இவர் மெஷினின் பிளக்கைப் பேட்டரியில் செருகி, முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். பத்து நிமிடத்தில் தூக்கம். பத்தே முக்காலுக்கு, நெஞ்சு படபடக்க, மூச்சுமுட்டி எழுந்து உட்கார்ந்தார். மெஷின் அணைந்து கிடந்தது. பேட்டரியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, அரைத்தூக்கத்தில் தன் அலுவலகத்தின் புகார் எண்ணையே அழுத்தினார்.

"அரை மணி நேரத்துல வந்துடும்" என்றார் மறுமுனையில் பகல் பணி எழுத்தர்.

"டேய், நான்தான்டா பேசுறேன்."

"தெரியும்ணே. வாய் பழகிப்போச்சு."

அன்று மிச்சப் பகலைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழித்தார். மாலை பணிக்குப் போன இரண்டாவது மணியில் ரிசீவரும் கையுமாகத் தூங்கிப்போனார். மறுமுனையில் இருந்தவர் ஐந்து நிமிடம் குறட்டையைக் கேட்டுவிட்டு, டெலிபோன் லைனில் ஏதோ கோளாறு என்று வேறோர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்.

மறுநாள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பதறவே இல்லை. பெட்டியைத் திருப்பி, கடுகளவு எழுத்தில் இருந்த ஒரு வார்த்தையை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"எட்டு மணி நேரம் 'வரை'ன்னு போட்டிருக்கு சார். ஒன்றரை மணி நேரமும் அதுக்குள்ளதானே வருது."

கோபம் தலைக்கேறியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்தக் குரலில் இருந்த பணிவும், அவசரமின்மையும், எதற்கும் பொறுப்பேற்காத இனிமையும் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. இத்தனை வருடமாக ஊருக்கு அவர் காட்டி வந்த குரல் அது. மறுமுனையில் நின்று அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பேட்டரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேராகத் தூக்கச் சிகிச்சை கிளினிக்குக்குப் போனார். அவருக்கு மெஷினைப் பொருத்திக் கொடுத்த டெக்னீஷியன் பெண் அங்கே இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தண்ணித் தொட்டி சூடு ஆன்ல இருந்துச்சா சார்?" என்றார்.

"இருந்துச்சு. இல்லன்னா மூக்கு காயுதே."

"டியூப் சூடு?"

"அதுவும்."

டெக்னீஷியன் ஒரு சின்ன மீட்டரை எடுத்து, கிளினிக்கில் இருந்த அதே மாதிரி மெஷின் ஒன்றை அதில் செருகினார். "பாருங்க. காத்தை மட்டும் ஊதினா உங்க அழுத்தத்துக்குப் பத்து, பதினோரு வாட்தான். இப்ப சூடு போடுறேன்." எண் விறுவிறுவென்று ஏறி ஐம்பதைத் தாண்டியது. "காத்துக்கு ஒரு பங்குன்னா, தண்ணியச் சுட வைக்க நாலு பங்கு. உங்க பேட்டரி தொண்ணூத்தாறு வாட்-மணி. அதாவது தொண்ணூத்தாறு வாட் இழுத்தா ஒரு மணி நேரம், அதுல பாதி இழுத்தா ரெண்டு மணி நேரம். ஐம்பதுக்கு மேல இழுத்திருக்கீங்க. வேற என்ன வரும்?"

"கடைக்காரர் இதச் சொல்லலையே."

"நீங்களும் கேக்கலையே சார். இன்னொண்ணு. அந்த சாதா பிளக்ல போடாதீங்க. பேட்டரியில இருக்குற கரண்டை வீட்டுக் கரண்டா மாத்தி, உங்க அடாப்டர் அதத் திரும்பவும் பழையபடி மாத்தி... போற வழியிலயே கொஞ்சம் காணாமப் போயிடும். மெஷினுக்குன்னே நேரடி கேபிள் ஒண்ணு இருக்கு, அதுல போடுங்க. தண்ணித் தொட்டியில தண்ணி இருக்கட்டும், சூடு மட்டும் வேணாம். காத்து தண்ணி மேல போனாலே ஓரளவு ஈரம் கிடைக்கும். முக்கியமா, கரண்ட் இருக்குற நாள்ல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க."

ஓட்டிப் பார்ப்பதை மனைவி தன் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையை உட்கார்ந்தே கடத்தியபின், சனிக்கிழமை காலை. பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகியிருந்தது. சூடு இல்லை, நேரடி கேபிள். கணவர் படுத்ததும், ஆசிரியை கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழைய வருகைப் பதிவேடு ஒன்றை விரித்தார். பெயர் எழுதும் இடத்தில் நேரம், வருகைக் கட்டத்தில் பேட்டரியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று குறித்தார். நடுவில் அவர் புரண்டு படுத்து முகமூடி விலகியபோது, காற்று கசிந்தால் மெஷின் கூடுதலாக உழைக்குமே என்று சத்தமில்லாமல் பட்டையைச் சரிசெய்தார். அதையும் குறித்துக்கொண்டார், சிவப்பு மையில்.

மாலையில் மெஷின் நின்றது. கணவர் கண்ணைத் திறந்தார். நாக்கு காகிதம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியிருந்தார்.

"எவ்வளவு?"

"ஏழு மணி நாற்பது நிமிஷம்."

"எட்டுன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்க முடியாதுங்க. முப்பத்துநாலு எடுத்தவனுக்கு முப்பத்தஞ்சு போட்டு பாஸ் பண்ணி விட்டதில்ல நான்."

அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பேட்டரி மேல் ஒட்டினார். கணவருக்குத் தேவை ஏழு மணி நேரத் தூக்கம். அடுத்து வந்த செவ்வாயும் வெள்ளியும் அவர் குழந்தைபோலத் தூங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு மாலை, பலத்த காற்றில் டிரான்ஸ்பார்மர் ஒன்று எரிந்துபோனது. எட்டரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டார். பாப்பாவுக்கு வீசிங், மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் வைக்க வேண்டும், கரண்ட் எப்போது வரும் என்றார். அரைமணிக்கு வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏனோ அதை நிறுத்தி, "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு போனில் லைன்மேனைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. எவ்வளவு நேரமாகும்?"

"நாலு மணி நேரமாவது ஆகும்ணே. வேற டிரான்ஸ்பார்மர் லாரியில வரணும்."

அவர் அதை அப்படியே சொன்னார். அந்தப் பெண் கலங்கினாலும் சமாளித்துக்கொண்டு, "எங்ககிட்ட ஒரு சின்ன பேட்டரி இருக்கு சார். நெபுலைசரைப் போட்டா பீப்னு கத்திட்டு நின்னுடுது" என்றார்.

"டார்ச் அடிச்சுப் பாருங்கம்மா. ரெண்டுலயும் வாட்னு ஒரு எண் போட்டிருக்கும்."

பேட்டரியில் நூறு. நெபுலைசரில் நூற்றைம்பது.

"அதுல ஓடாதும்மா. எவ்வளவு நேரம் தாங்கும்ங்கறது பேச்சே இல்ல. அந்த மோட்டாரைக் கிளப்பவே அதுக்குத் தெம்பு கிடையாது. பாப்பா மூச்சு எப்படி இருக்கு?"

"விலா உள்ள இழுக்குது சார்."

"அப்ப எதுக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

கிளம்பினார்கள். குழந்தைக்கு ஆக்சிஜனும் மருந்தும் கொடுத்தார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண் நெகிழ்ந்துபோய், நடந்ததையெல்லாம் விவரித்து அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அதை வைத்துத்தான் அரைமணிக்கு மெமோ கொடுத்தார்கள். அனுமதிக்கப்பட்ட கால அளவை மீறி, தன்னிச்சையாக நான்கு மணி நேரம் என்று அறிவித்தது ஏன்?

மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"நாலு மணி நேரம்னு சொன்னா ஜனங்க பயந்துட மாட்டாங்களா?"

"பயந்ததாலதான் சார் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

"சரி, அன்னைக்கு கரண்ட் எப்ப வந்துச்சு?"

"அஞ்சேகால் மணி நேரம் கழிச்சு சார்."

"பாருங்க. அப்ப நீங்க சொன்னதும் தப்புதானே."

தண்டனையாகப் பகல் பணிக்கு மாற்றினார்கள். இரவுப்படி போனதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் ஊரார் தூங்கும் நேரத்தில் தானும் தூங்குவது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

பகல் மேஜையின் கண்ணாடிக்கு அடியிலும் அதே சுற்றறிக்கை இருந்தது. யாராவது கூப்பிட்டால் அவர் முதலில் லைன்மேனுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆரம்பத்தில் அவர்கள் சலித்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு லைன்மேன், கம்பத்தின் மேலிருந்தபடியே, இவர் கேட்பதற்கு முன்பாகத் தானே கூப்பிட்டார். "ரெண்டு மணி நேரம்ணே. மழை வந்தா மூணு" என்றார். இத்தனை வருடத்தில் எங்களை யாரும் கேட்டதில்லையே என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.